விடிஞ்சு பேசிக்கலாம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1983-ல் எனக்கு ஆறு வயது, தம்பிக்கு ஒன்று. ராத்திரி ஏழரைக்கெல்லாம் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் அப்பாயி அந்த வீட்டையே தூங்க வைப்பாள்.

முதலில் அடுப்பு. தணலைச் சாம்பலுக்குள் ஒதுக்கிவிட்டுப் பால் சட்டியை உறியில் ஏற்றுவாள். கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, போட்டது சரிதானா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். செம்பில் தண்ணீர் மொண்டு, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, எங்கள் தலைமாட்டில் வைப்பாள். பாயை இரண்டு முனையிலும் பிடித்து உதறுவாள். "பூச்சி பொட்டு இருக்கும்" என்று தினமும் சொல்வாள், தினமும் ஏதோ புதிதாகச் சொல்கிற மாதிரி. என்னை வாசல் ஓரமாக ஒண்ணுக்கு அழைத்துப்போய் வந்து, கால் கழுவி, முந்தானையால் துடைப்பாள்.

கடைசியில்தான் திருநீறு. மரச் சம்புடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் கட்டை விரலால் ஒரே இழுப்பு. இன்னொரு கையைப் புருவத்துக்கு மேல் குடையாக வைத்து, கண்ணில் விழாமல் மெதுவாக ஊதுவாள். வெற்றிலை வாசனையோடு அந்தக் காற்று முகத்தில் படும். "கெட்ட கனா காணாம தூங்கு ஆத்தா." பிறகு விளக்கு. அதை அணைத்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மலையேற்றினேன் என்றுதான் சொல்வார்கள். அணைவது என்ற சொல் படுக்கும் நேரத்துக்கு ஆகாது.

இருட்டில் நான் ஏதாவது கேட்பேன். கன்றுக்குட்டி எப்போது தூங்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது. முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் பதில் வரும். மூன்றாவதற்கு, "விடிஞ்சு பேசிக்கலாம்." அத்தோடு சரி. அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. விடியும், அப்போது அப்பாயி இருப்பாள், பேச்சு விட்ட இடத்தில் தொடங்கும் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருந்தன.

இரவில் பிரிவதற்கென்று தனியாக ஒரு வாழ்த்துச் சொல் எங்கள் வீட்டில் இல்லை. நான் பார்த்த எந்த வீட்டிலும் இல்லை. அடுத்த தெருவில் என் தோழி வீட்டில் அவளுடைய வாப்பா படுக்கும் முன் குர்ஆனின் கடைசி மூன்று சூராக்களை ஓதி, இரண்டு உள்ளங்கையிலும் ஊதி, பிள்ளைகளின் தலையிலிருந்து தடவிவிடுவார். சர்ச் தெருவில் இரவு ஜெபம் முடிந்ததும் தாய்மார்கள் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைவார்கள். மூன்று வீட்டிலும் ஓதும் வார்த்தை வேறு, ஆனால் கை போகிற இடம் ஒன்றுதான். வாழ்த்தை நாக்கைவிடக் கை அதிகம் சொன்ன காலம் அது.

பகலிலும் நமக்குப் பழக்கம் அப்படித்தானே. கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்லி நாம் விட்டதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பிரிவைச் சொல்லும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்வது நம் பேச்சின் சுபாவம். 'விடிஞ்சு பேசிக்கலாம்' என்பதும், 'காலையில பாத்துக்கலாம்' என்பதும் அதே குடும்பம்தான்.

'குட் நைட்' எங்கள் வீட்டுக்குள் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. தம்பி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த வருஷம் அதைக் கொண்டுவந்தான். அப்பாயி அதற்கு "ஆகட்டும் ராசா" என்று பதில் சொல்வாள். பிறகு கொசு விரட்டும் வில்லை ஒன்று அதே ஓசையுள்ள பெயரில் வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. கடையில் போய் "ஒரு குட்நைட் குடுங்க" என்று கேட்பது சகஜமானது.

தமிழில் அதற்கு ஈடாக 'இரவு வணக்கம்', 'இனிய இரவு' என்று எழுதுகிறோம். எழுதுகிறோமே தவிர, வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்கிறவர்களை நான் பார்க்கவில்லை. காரணம் எளிது. வணக்கம் என்பது வணங்குவது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் 'இரவு வணக்கம்' என்று சொல்ல நா எழாது. மேடையில் பேசுகிறவர் கூட்டத்துக்குச் சொல்லலாம், செய்தி வாசிப்பவர் சொல்லலாம். தலையணைக்குப் பக்கத்தில் அது நிற்காது. அந்த இடத்தில் 'குட் நைட்' வந்து உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம், சொல் வந்தவுடன் அதற்கு முன் செய்துகொண்டிருந்த காரியங்களை விட்டுவிட்டோம் என்பதில்தான். ஒரு சொல்லைச் சொன்னால் கடமை முடிந்தது என்று ஆகிவிட்டது.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அப்பாயிக்கு வேலை மிச்சமிருந்த ராத்திரிகளில் அத்தை எங்களைப் படுக்கவைப்பாள். அவளிடம் ஒரே ஆயுதம், பூச்சாண்டி. "கண்ணை மூடலேன்னா சாக்குப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவான்." கண்ணை மூடினேன், தூங்கவில்லை. உத்தரத்தில் பல்லி ஓடினாலும் அவன்தான் என்று நினைத்து, பாயை நனைத்த ராத்திரிகள் உண்டு. காலையில் அதற்கும் திட்டு விழும். பயமுறுத்திப் படுக்கவைத்த பிள்ளை அசையாமல் கிடக்கும். அதைத் தூக்கம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

என் மகள் பிறந்து சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது நான் வேறு தவறு செய்தேன். அவளுக்கு நாலு வயது. அலுவலகம் விட்டு நான் வீடு வர எட்டாகும். அவசர அவசரமாக ஊட்டி, போனில் ஏதாவது பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்து, பக்கத்தில் படுப்பேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே அவள் கண் சொருகும். போனை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். 'குட் நைட்' சொன்னேனா என்றால், சொன்னேன். அவள் தூங்கிய பிறகு சொன்னேன்.

ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து அழுவாள். போனைக் கேட்பாள். உடம்புக்கு ஏதோ என்று நினைத்து டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை விளக்கினார். எந்தக் குழந்தையும், ஏன் பெரியவர்களும், ராத்திரியில் பலமுறை அரைகுறையாக விழிக்கிறார்கள். விழிக்கிற குழந்தை சுற்றிலும் பார்க்கிறது. தூங்கப்போனபோது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தால் புரண்டு படுத்துத் தூங்கிவிடும். பாட்டும் வெளிச்சமும் அம்மாவும் இருந்தபோது தூங்கிய குழந்தை, இருட்டில் தனியாக விழித்தால் என்ன செய்யும்? நாம் ஒரு கட்டிலில் படுத்து, கண் விழித்தபோது திண்ணையில் கிடந்தால் பதறமாட்டோமா? அதுதான் அவளுக்கும் தினமும் நடந்திருக்கிறது.

ஆகவே 'தூங்கிக்கோ' என்பதைக் குழந்தை விழித்திருக்கும்போதே சொல்ல வேண்டும். அது கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத் தானாகத் தூக்கத்துக்குள் போக வேண்டும். அப்பாயி செய்தது அதுதான். விளக்கை மலையேற்றியபோது நாங்கள் விழித்துத்தான் இருந்தோம்.

அமெரிக்காவில் ஜோடி மிண்டெல் என்ற தூக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் 405 தாய்மாரையும் அவர்களுடைய சின்னக் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் ஒரே வரிசையில் குளியல், பிறகு உடம்பைத் தடவிவிடுதல், பிறகு தாலாட்டோ கொஞ்சலோ மாதிரி அமைதியாக ஏதாவது ஒன்று. குளியல் முடிந்த அரை மணிக்குள் விளக்கு அணைய வேண்டும். இரண்டு வாரம் செய்ததில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுராத்திரியில் விழிப்பது குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் தேறியது. இதைப் படித்தபோது எனக்குச் செம்பும் பாயும் திருநீறும்தான் கண்முன் வந்தன. வரிசையில் என்ன இருக்கிறது என்பதைவிட, தினமும் அதே வரிசையில் இருக்கிறது என்பதே வேலை செய்கிறது. பாயை உதறும் சத்தம் கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்ததற்குக் காரணம் அதுதான் போலிருக்கிறது.

நானும் ஒரு வரிசை வைத்தேன். வெந்நீரில் முகம் கைகால், பல் தேய்ப்பு, ஒரே ஒரு கதை, திருநீறு, நீல நிற இரவு விளக்கு. போன் கூடத்திலேயே இருக்கும். ஒரே அறையில்தான் எல்லோரும் படுத்தோம். குழந்தையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துவது எங்களுக்கு ஒத்துவரவில்லை, அது அவசியமும் இல்லை. எங்கள் வீட்டில் 'குட் நைட்' என்பதற்கு 'நான் போகிறேன்' என்று அர்த்தமில்லை, 'இனிப் பேச்சு இல்லை' என்றுதான் அர்த்தம்.

பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணி என்பாள். குடித்துவிட்டுப் படுத்தால் ஒண்ணுக்கு என்பாள். அப்புறம் பொம்மைக்குக் குளிர்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கோபமாகவும் கொஞ்சம் பாவமாகவும் எழுந்தேன். இதற்கும் ஒரு வழி எழுதிவைத்திருக்கிறார்கள். 1999-ல் பேட்ரிக் ஃப்ரிமன் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும், மூன்று வயதிலும் பத்து வயதிலும் இருந்த இரண்டு பையன்களிடம் செய்து பார்த்தது. படுக்கும்போது குழந்தையின் கையில் ஓர் அட்டை கொடுக்க வேண்டும். அதைக் காட்டி ஒரு தடவை மட்டும் எழுந்து வரலாம், அல்லது அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடலாம். கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டு அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு விடியும்வரை கிடையாது.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தைக் கத்தரித்து, நிலா வரைந்து கொடுத்தேன். முதல் ராத்திரி படுத்த ஐந்து நிமிஷத்தில் தண்ணீருக்காகச் செலவழித்துவிட்டாள். பிறகு இருபது நிமிஷம் அழுதாள். "விடிஞ்சதும் அட்டை உன் கைக்கு வரும்" என்று மட்டும் ஒருதரம் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே பேசாமல் படுத்திருந்தேன். அந்த இருபது நிமிஷம் லேசானதல்ல. இரண்டாம் நாள் அழுகை கொஞ்சம்தான். நாலாம் நாள் காலையில் பார்த்தால் அட்டை அவள் தலையணைக்கு அடியிலேயே இருக்கிறது, பயன்படுத்தவே இல்லை. கூப்பிடலாம் என்று தெரிந்ததாலேயே கூப்பிடாமல் இருந்தாள். விவரம் புரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு இது உதவாது. காய்ச்சலிலும் நிஜமான பயத்திலும் அழுகிற குழந்தையிடம் அட்டையை நீட்டக்கூடாது, எழுந்து போய் அணைத்துக்கொள்ள வேண்டும். வீண் கூப்பாட்டுக்கு மட்டும்தான் அது.

அப்பாயி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதை விடியலுக்குத் தள்ளிவைத்ததும் ஓர் அட்டைதான். எழுதாத அட்டை.

தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கு இரவில் ஒரு வார்த்தை சொல்வது என்பது அன்றைக்கு நடக்கிற காரியமே இல்லை. கடிதம் போய்ச் சேர நாலு நாள், வெளிநாடென்றால் பத்துப் பதினைந்து நாள். கடிதத்தில் யாரும் இரவு வாழ்த்து எழுதமாட்டார்கள். குவைத்தில் இருந்த சித்தப்பா கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்போம். அவர் இருமுவதும், பின்னால் மின்விசிறி கிறீச்சிடுவதும், "அம்மா, மாத்திரை சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் இடம் விடுவதும் எல்லாம் பதிவாகியிருக்கும். அந்த இடைவெளியில் அப்பாயி நிஜமாகவே "சாப்பிட்டேன்பா" என்று சொல்வாள். ஒரே கேசட்டைப் பல ராத்திரி கேட்டாள்.

2000-ல் தம்பி இன்ஜினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போனான். எங்கள் வீட்டில் போன் இல்லை. எதிர்வீட்டு எண்தான் எங்களுக்குப் பி.பி. நம்பர். இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் இறங்கும் என்பதால் ஹாஸ்டல் பையன்களெல்லாம் சாப்பிட்டுவிட்டு பூத்தில் வரிசையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடுவான் என்று அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் காத்திருப்பாள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் கண் முன்னால் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பேச்சு மூன்றே கேள்வி. சாப்பிட்டியா, உடம்பு எப்படி, பணம் இருக்கா. பிறகு, "வச்சிடட்டுமா?" "வச்சிடு." "நீ மொதல்ல வை." அந்த 'நீ மொதல்ல வை'க்குச் செலவான காசுதான் அவர்கள் சொல்லிக்கொண்ட இரவு வாழ்த்து.

இன்று தம்பி அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இருக்கிறான். அப்பா இல்லை. அம்மாவுக்கு 74 வயது, ஊரில்தான் இருப்பேன் என்று இருக்கிறாள். பேச்சுக்குக் காசு இல்லை, முகம் பார்த்தும் பேசலாம். தொடக்கத்தில் தம்பி வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு படம் அனுப்பினான். நிலா, ரோஜாப்பூ, தூங்கும் பூனைக்குட்டி, மேலே 'இனிய இரவு' என்று எழுத்து. யாரோ அவனுக்கு அனுப்பியதை அவன் இங்கே தள்ளிவிடுவான். நான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அந்தப் படங்களை என்னிடம் காட்டினாள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள், போனில் இடமில்லாமல் போகும் அளவுக்கு. காட்டிவிட்டுச் சொன்னாள்: "படம் தெனம் வருது. அவந்தான் வர்றதில்ல."

இதை அவனிடம் சொன்னேன். அவன் மனசு சங்கடப்பட்டு, அடுத்த நாளிலிருந்து வேலை நடுவில் வரும் இடைவேளையில், அவன் ஊர்க் காலை பத்தேகாலுக்கு, கூப்பிட ஆரம்பித்தான். நமக்கு அது இரவு எட்டேமுக்கால். அம்மா எட்டரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஐந்து நிமிஷம் பேசிவிட்டு ஒன்பதேகாலுக்குப் படுத்துவிடுவாள். கோடை முழுக்க நன்றாகவே போயிற்று.

போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா எனக்கு அழைத்தாள். குரலே சரியில்லை. "தம்பி கூப்பிடல. நேத்து ஞாயித்துக்கெழம, வீட்டுல இருப்பான். இன்னிக்கு என்ன ஆச்சு?" நான் அவனுக்கு அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறான், எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவன் வழக்கம்போல அம்மாவைச் சிரித்த முகத்தோடு கூப்பிட்டிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை தாமதமே இல்லை, கடிகாரம் பத்தேகால்தான் காட்டியது.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நாம் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. அதனால் டாலஸ் கோடையில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அவனுடைய பத்தேகால் அம்மாவுடைய எட்டேமுக்காலிலிருந்து ஒரே நாளில் ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அந்த ஊர்களில் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பெற்றோரின் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். மணி மாறப்போகிற வாரத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

அம்மா வயதுக்காரர்களுக்கு ராத்திரி என்பது நல்ல செய்தி வருகிற வேளை அல்ல. அவர்கள் தந்திக் காலத்தில் வளர்ந்தவர்கள். இருட்டிய பிறகு சைக்கிள் மணி அடித்து வாசலில் தந்திக்காரர் நின்றால், பிரித்துப் பார்க்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிய காலம். நாட்டில் தந்திச் சேவையையே 2013-ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அம்மாவின் நெஞ்சில் அது நிற்கவில்லை. பதினோரு மணிக்கு மேல் போன் சிணுங்கினால் இன்றைக்கும் உடம்பு தூக்கிப்போடும். விளம்பரமாக இருந்தாலும் அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. அதனால் அவளுடைய போனில் இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஐந்து வரை சத்தமில்லாமல் வைத்து, தம்பியும் நானும் எதிர்வீட்டுக்காரரும் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும்படி மாற்றிக்கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. படம் அனுப்பும் வழக்கத்தைவிட அவளுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது இதுதான்.

குளிர்கால அட்டவணையில் தம்பிக்கு அவன் ஊர்க் காலை ஒன்பதேகாலுக்கு இடைவேளை கிடைக்கவில்லை. நான் சொன்ன யோசனை, பேசிப் பதிவு செய்து அனுப்புவது. சித்தப்பாவின் கேசட்தான், அனுப்பிய கணத்தில் போய்ச் சேருகிற கேசட். காலை ஏழரைக்குக் காபி போடும்போது பேசினால் போதும். கோடையில் அது அம்மாவுக்கு மாலை ஆறு மணிக்கும், குளிரில் ஏழு மணிக்கும் வந்துவிடும். எப்படி மாறினாலும் அவள் படுக்கப்போகும் முன் அது அங்கே இருக்கும். படுக்கையில் சாய்ந்தபடி எப்போது வேண்டுமோ அப்போது கேட்டுக்கொள்வாள். கண்ணாடி தேட வேண்டாம், சின்ன எழுத்தைப் படிக்கவும் வேண்டாம்.

முதல் பதிவு நாலு விநாடி. "அம்மா, குட் நைட், உடம்பைப் பாத்துக்கோ." அவ்வளவுதான். அம்மா அதை மூன்றுமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "ஏதோ பாதியில நின்னுபோச்சு" என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. அன்று இரவே தம்பியோடு நெடுநேரம் பேசினேன். எதைச் சொன்னால் அம்மா தூங்குவாள், எதைச் சொன்னால் தூங்கமாட்டாள் என்று இரண்டு பேருமாக யோசித்தோம். 'உடம்பைப் பாத்துக்கோ' என்றால் உடம்புக்கு ஏதாவது வரும் என்று அவன் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தோன்றும். 'ஏம்மா நேத்து போன் எடுக்கல' என்றால் ராத்திரி முழுக்க அதற்குச் சமாதானம் தேடிக்கொண்டிருப்பாள். 'ஒரு விஷயம் பேசணும், நாளைக்குச் சொல்றேன்' என்பது எல்லாவற்றையும்விடக் கொடுமை. அதைக் கேட்ட எந்தத் தாயும் கண்ணை மூடமாட்டாள். கெட்ட செய்தி, பணக்கணக்கு, நிலத்தகராறு, டாக்டர் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் பகல் இருக்கிறது.

இப்போது அவன் அனுப்புவது முக்கால் நிமிஷம் வரும். போன வாரத்தில் ஒன்று: "அம்மா, இங்க இப்பதான் விடியுது. காபி போட்டுக்கிட்டிருக்கேன், கேக்குதா சத்தம்? நேத்து நீ சொன்ன மாதிரி பருப்புல பூண்டத் தட்டிப் போட்டேன், சின்னவன் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டான். கொல்லைல முருங்க பூத்திருச்சான்னு நாளைக்குச் சொல்லு. நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். கதவத் தாழ் போட்டுட்டுப் படு. நாளைக்கு இதே நேரம் பேசுறேன்."

நானாக இதில் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. அன்றைய நாளிலிருந்து அவள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சின்னக் காரியம். அவளிடம் கற்றுக்கொண்டது ஏதாவது. உடனே பதில் சொல்லத் தேவையில்லாத, ஆனால் காலையில் எழுந்து கொல்லைக்குப் போய்ப் பார்க்க வைக்கிற ஒரு கேள்வி. கதவுத் தாழ்ப்பாள். பிறகு நாளைக்கு உண்டு என்ற உறுதி. அந்தக் கடைசி உறுதியைத் தர முடியாத நாளில், பயணம் போகிறான் என்றால், முந்தின நாளே சொல்லிவிடுகிறான்.

அவன் மகனுக்கு ஆறு வயது. அவன் படுக்கும் நேரம் டாலஸில் எட்டரை. இங்கே கோடையில் காலை ஏழு, குளிரில் எட்டு. அம்மா குளித்து, கோலம் போட்டு, சாமி விளக்கேற்றிய கையோடு உட்கார்ந்திருப்பாள். திரையில் பேரன் போர்வைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பான். அங்கே மருமகள் சம்புடத்தோடு தயாராக இருப்பாள். அம்மா இங்கே தன் கட்டை விரலைத் திருநீற்றில் தொட்டுத் திரைக்கு நேராக ஓர் இழுப்பு இழுப்பாள். அதே நேரத்தில் அங்கே மருமகள் அவன் நெற்றியில் இடுவாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அம்மா ஊதுவாள். போன் திரையில் ஆவி படியும்.

ஒருநாள் நான் கூடவே இருந்தேன். அவனுக்கு மூன்றாவது கேள்வி வந்துவிட்டது. "பாட்டி, அங்க சூரியன் இருக்கு, இங்க ஏன் இல்ல?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தாள். பிறகு அப்பாயியின் குரலிலேயே, "விடிஞ்சு பேசிக்கலாம்டா தங்கம்" என்றாள்.

பேசிப் பதிவு செய்த செய்தியில் ஒரு வசதி இருக்கிறது. கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டால் அனுப்பியவருக்கு அந்தச் சின்ன மைக் படம் நீலமாக மாறும். தம்பி வேலைக்கு நடுவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பானாம். நம்மூர் நேரம் ஒன்பது, ஒன்பது பத்து. நீலம் வந்துவிட்டால், அம்மா மாத்திரை போட்டாள், தண்ணீரை மூடிவைத்தாள், தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அவள் தனியாகப் பதில் அனுப்புவதில்லை. அவனும் கேட்பதில்லை.